குடோன்ல 100 லட்சத்துக்கு சரக்கு இருக்கு, கடன் மட்டும் ஏன் 32 லட்சம்? ஸ்டாக் மேல வாங்கற கடன் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல வருஷமா கடன் குடுக்கறவங்க சார்பா ஸ்டாக் ஆடிட்டுக்கு போறவன். குடோன் குடோனா ஏறி எண்ணிப் பாத்து ரிப்போர்ட் எழுதறதுதான் வேலை. போற இடத்துல எல்லாம் முதலாளிங்களும் அக்கவுண்ட்ஸ் பாக்கறவங்களும் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகளை இங்க சேத்து வச்சிருக்கேன். புரியறதுக்காக ஒரே ஒரு உதாரணத்தை கடைசி வரைக்கும் எடுத்துட்டு போறேன், தண்ணி இறைக்கற மோட்டார் பம்பு செய்யற ஒரு கம்பெனி. அதோட எண்கள் எல்லாம் விளக்கறதுக்காக நானே போட்டது, எந்த நாட்டு காசா வேணா வச்சுக்கோங்க.

புக்ஸ்ல ஸ்டாக் 100 லட்சம், எங்க ஆடிட்டரே கையெழுத்து போட்டுட்டார், அப்புறம் ஏன் பேங்க் அதை நம்ப மாட்டேங்குது?

நம்பாம இல்லங்க, அவங்க கேக்கற கேள்வியே வேற. உங்க புக்ஸ்ல இருக்கற மதிப்பு கம்பெனி நாளைக்கும் ஓடும்ங்கற நினைப்புல போட்டது. உலகத்துல பல நாடுகள் பின்பற்றற ஐ.ஏ.எஸ். 2 கணக்கு விதி என்ன சொல்லுதுன்னா, அடக்க விலை, வித்தா செலவு போக கையில நிக்கற விலை, இந்த ரெண்டுல எது குறைவோ அதை புக்ஸ்ல போடு. இதுல வித்தாங்கறது நீங்க வழக்கம்போல உங்க டீலருக்கு, உங்க சேல்ஸ் ஆளுங்களை வச்சு, உங்க வாரண்டியோட விக்கறது. உங்க ஆடிட்டர் அதைத்தான் சரிபாத்தார், அவர் வேலையை அவர் சரியாத்தான் பண்ணியிருக்கார்.

கடன் குடுக்கறவர் யோசிக்கறது வேற ஒரு நாளை. நீங்க கடையை நடத்த முடியாம போன நாள், ஷட்டர் இறங்கிடுச்சு, வேற யாரோ வந்து அந்த சரக்கை வித்து காசாக்கணும், வாரண்டி குடுக்க ஆள் இல்ல, வாங்க வர்றவனுக்கும் உங்க அவசரம் தெரியும். அன்னைக்கு கைக்கு எவ்வளவு வரும்ங்கறதுதான் அவங்களுக்கு ஸ்டாக்கோட மதிப்பு. அதனால 100ல இருந்து மூணு படி இறங்குவாங்க. சில சரக்கை கணக்குலயே சேர்க்காம ஒதுக்குவாங்க, மிச்சத்தை மூடற நாள் விலைக்கு மதிப்பு போடுவாங்க, அதுலயும் ஒரு பங்கு மட்டும் குடுத்துட்டு சில பிடித்தம் பிடிப்பாங்க.

எந்தெந்த சரக்கை முதல்லயே ஒதுக்கிடுவாங்க?

நம்ம பம்பு கம்பெனியோட 100ஐ பிரிச்சுப் பாப்போம். காப்பர் வயரு, இரும்புத் தகடு, காஸ்டிங் எல்லாம் சேத்து மூலப்பொருள் 30. பாதி வேலைல நிக்கறது 12. முழுசா முடிஞ்ச பம்பு 50. ஸ்பேர் பார்ட்ஸ் 5. அட்டைப்பெட்டி, பெயிண்ட், சின்னச் சின்ன டூல்ஸ் 3.

இதுல பாதி வேலை 12 மொத்தமா போயிடும், அது ஏன்னு அடுத்த கேள்வில சொல்றேன். அட்டைப்பெட்டி வகையறா 3ம் போயிடும், உங்க கம்பெனி பேர் அடிச்ச பெட்டியை வேற யார் வாங்குவா. பம்புல ஒரு பழைய மாடல் 8க்கு நிக்குது, 12 மாசமா ஒண்ணு கூட போகல, அதுவும் வெளிய. டீலர் கடைல வித்தா காசு குடுங்கன்னு வச்சிருக்கற பம்பு 4 இருக்கு, சரக்கு உங்களோடதுதான் ஆனா உங்க பூட்டுக்குள்ள இல்ல, டீலர் திவாலானா அவருக்கு கடன் குடுத்தவங்க அதையும் அள்ளிட்டு போகப் பாப்பாங்க, அதனால அதுவும் வேண்டாம். கஸ்டமர் திருப்பி அனுப்பினது, அடிபட்டது 2. இன்னும் வந்து சேராம வழில இருக்கற காஸ்டிங் 3.

கூட்டினா 32 ஆச்சு, மிச்சம் 68. மூலப்பொருள் 27, பம்பு 36, ஸ்பேர் 5. இதைத்தான் எலிஜிபிள் ஸ்டாக்னு சொல்வாங்க. ஒவ்வொரு லெண்டருக்கும் ஒதுக்கற லிஸ்ட் கொஞ்சம் மாறும், அது உங்க கடன் ஒப்பந்தத்துலயே வரையறை பகுதில எழுதியிருக்கும், தயவு செஞ்சு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த பக்கத்தை படிங்க. வட்டி அரை சதவீதம் குறைக்கறதுக்கு ரெண்டு வாரம் பேசறவங்க இந்த பக்கத்தை திருப்பிக்கூட பாக்கறதில்ல. 12 மாசம் விக்காததுன்னு இருக்கறதுக்கு பதிலா 6 மாசம்னு ஒரு வார்த்தை மாறினா, அந்த அரை சதவீத லாபத்தை விட பெரிய ஓட்டை அங்கதான் விழும்.

பாதி முடிஞ்ச சரக்குலதான் எங்க காசும் உழைப்பும் பூரா இருக்கு, அதுக்கு ஜீரோ போட்டா எப்படி?

வருத்தமாத்தான் இருக்கும், ஆனா காரணம் இருக்கு. மோட்டாருக்குள்ள போற, காப்பர் வயரு சுத்தி முடிச்சு வார்னிஷ் போட்ட ஸ்டேட்டர் ஒண்ணை நினைச்சுக்கோங்க. காப்பர் வயரா அது ரோல்ல இருந்தப்ப எந்த மோட்டார் கம்பெனியும் வாங்கும். முழு பம்பா ஆனப்புறமும் வாங்க ஆள் உண்டு. நடுவுல நிக்கற அந்த ஸ்டேட்டரை உங்களைத் தவிர யாரும் முடிக்க மாட்டாங்க, மத்தவங்களுக்கு அது பழைய காப்பர் விலைதான். புக்ஸ்ல அதுல கூலியும் கரண்ட் செலவும் ஏறி உக்காந்திருக்கும், விக்கும்போது அந்த ஏத்தமெல்லாம் திரும்பி வராது.

எண்ணறதும் கஷ்டம். எந்த ஸ்டேஜ்ல இருக்கு, எத்தனை சதவீதம் முடிஞ்சிருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் யாரோ ஒருத்தர் சொல்றதைத்தான் நம்பணும். சில லெண்டர்ஸ் சின்னதா ஒரு பங்கு குடுப்பாங்க, இல்லேன்னா உள்ள இருக்கற மெட்டலோட மதிப்பை மட்டும் ஒத்துக்குவாங்க, நிறைய பேர் ஜீரோதான்.

மிச்சம் 68க்கு என்ன விலை, எப்படி முடிவு பண்றாங்க?

வெளில இருந்து ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புவாங்க. கடையை நிதானமா மூடறோம், சில வாரமோ சில மாசமோ டைம் இருக்கு, அந்த டைமுக்குள்ள வித்தா என்ன வரும்னு அவர் கணக்கு போடுவார். ஆர்டர்லி லிக்விடேஷன்னு இதுக்கு பேரு. இதுக்கு எதிர்ப்பக்கம் ஃபோர்ஸ்ட் லிக்விடேஷன், ஒரே நாள்ல ஏலம் விட்டு முடிக்கறது, அதுல விலை இன்னும் கீழ போகும்.

அவர் உங்க சரக்கை பாக்கறதை விட உங்க சேல்ஸ் ரிப்போர்ட்டை பாக்கறதுதான் ஜாஸ்தி. ஒவ்வொரு ஐட்டமும் போன 12 மாசத்துல எத்தனை போச்சு, என்ன விலைக்கு போச்சு, மார்ஜின் எவ்வளவு, இப்ப கையில இருக்கறது எத்தனை வாரத்துக்கு காணும், இதையெல்லாம் வச்சுதான் எவ்வளவு தள்ளுபடி குடுத்தா அந்த டைமுக்குள்ள தீரும்னு சொல்வார். அதனால ஒரு ஐட்டம் புத்தம்புதுசா பளபளன்னு இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல காணற அளவுக்கு குவிஞ்சு கிடந்தா விலை இறங்கும், நிறைய பேருக்கு இது அதிர்ச்சியா இருக்கு.

நம்ம உதாரணத்துல மூலப்பொருள் 27க்கு 20 வரும்னு சொல்றார். காப்பருக்கு நல்ல விலை கிடைக்கும், உங்க டிசைனுக்குன்னு வார்த்த காஸ்டிங்குக்கு பழைய இரும்பு விலைதான். பம்பு 36க்கு 27. ஸ்பேர் 5க்கு வெறும் 2, ஏன்னா நூத்துக்கணக்குல சின்ன ஐட்டம், ஒவ்வொண்ணா தேடி வாங்க ஆள் வராது. கூட்டினா 49. இதுல இருந்து விக்கற வரைக்குமான குடோன் வாடகை, வாட்ச்மேன், விக்கற ஆளுங்க சம்பளம், லாரி, கமிஷன் எல்லாம் 7 போகுது. கைல நிக்கறது 42. 68ல 42ன்னா சுமார் 62 சதவீதம். இந்த 62தான் உங்க சரக்கோட உண்மையான மார்க், அடுத்த மதிப்பீடு வர்ற வரைக்கும் மாசா மாசம் உங்க எலிஜிபிள் ஸ்டாக்கை இதாலதான் பெருக்குவாங்க.

சீசன் சரக்குன்னா மாசத்துக்கு ஒரு சதவீதம்னு தனித்தனியா குடுக்கறதும் உண்டு, சீசனுக்கு முன்னாடி ஜாஸ்தி, முடிஞ்சதும் கம்மி.

85 சதவீதம் கடன் தருவாங்கன்னு ஒருத்தர் சொன்னார், இன்னொருத்தர் 65ங்கறார், எது சரி?

ரெண்டும் சரியா இருக்கலாம், எதுல 85, எதுல 65ங்கறதுதான் விஷயம். ஸ்டாக் கடன்ல அடிக்கடி பாக்கற ஒரு அமைப்பு, மூடற நாள் நிகர மதிப்புல 85 சதவீதம், இல்லேன்னா எலிஜிபிள் ஸ்டாக்கோட அடக்க விலைல 65 சதவீதம், ரெண்டுல எது குறைவோ அது. சதவீதம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

நம்ம கணக்குல 42ல 85 சதவீதம் 35.7. அடக்க விலை 68ல 65 சதவீதம் 44.2. குறைவு 35.7, அப்ப அதுதான். யாராவது 85 சதவீதம் தர்றோம்னு சொன்னா உடனே எதோட 85னு கேளுங்க, 68ல 85னு நினைச்சுட்டு 57.8 வரும்னு பிளான் போட்டு பர்ச்சேஸ் ஆர்டர் குடுத்துட்டு அப்புறம் தலைல கை வச்சு உக்காந்தவங்களை நான் பாத்திருக்கேன்.

அதுக்கு மேல ரிசர்வ்னு ஒண்ணு கழிக்கிறாங்களே, அது என்ன?

சரக்கை வித்து வர்ற காசுல லெண்டருக்கு முன்னாடி யார் கை நீட்ட முடியுமோ, அவங்களுக்காக எடுத்து வைக்கறதுதான் ரிசர்வ். குடோன் வாடகைன்னா, பாக்கி இருந்தா ஓனர் பூட்டு போட்டுட்டு சரக்கை வெளிய விட மாட்டார், அதனால மூணு மாச வாடகை பிடிப்பாங்க. நான் சரக்கை தடுக்க மாட்டேன், உங்களை உள்ள விடுவேன்னு ஓனர் லெண்டருக்கு எழுதிக் குடுத்துட்டா இந்த பிடித்தம் போயிடும், ஒரு பேப்பர்தான், ஆனா பாதி பேர் கேட்டு வாங்கறதே இல்ல. அதே மாதிரி, காசு முழுசா வர்ற வரைக்கும் சரக்கு எங்களோடதுன்னு சில சப்ளையர் இன்வாய்ஸ்லயே போட்டிருப்பாங்க, அந்த வாசகம் சட்டப்படி செல்லற இடமா இருந்தா அந்த பாக்கியையும் கழிப்பாங்க.

நம்ம கம்பெனிக்கு வாடகை 1.2, அந்த மாதிரி சப்ளையர் பாக்கி 2.5, மொத்தம் 3.7. 35.7ல 3.7 போனா 32. தலைப்புல இருக்கற 32 இதுதான்.

எங்க பேங்க்ல இப்படியெல்லாம் மதிப்பீட்டாளர் வரல, கிரெடிட்டரை கழிச்சுட்டு 25 சதவீதம் மார்ஜின் பிடிக்கிறாங்க, அது வேற கணக்கா?

ஆமா, அது டிராயிங் பவர் முறை, டிராயிங் பவர்னா நீங்க எவ்வளவு வரைக்கும் கடன் எடுக்கலாம்ங்கற வரம்பு. அதுல எலிஜிபிள் ஸ்டாக்ல இருந்து சப்ளையர்களுக்கு குடுக்க வேண்டிய பாக்கியை முதல்ல கழிப்பாங்க, ஏன்னா அந்த அளவு சரக்குக்கு ஏற்கனவே சப்ளையர் காசு போட்டிருக்கார், அதே சரக்குக்கு பேங்க் இன்னொரு தடவை காசு குடுக்காது. நம்ம கம்பெனிக்கு சப்ளையர் பாக்கி மொத்தம் 18னு வச்சுக்கோங்க, 68ல 18 போக 50, அதுல 25 சதவீதம் மார்ஜின் போக 37.5. இங்க ஒரு விஷயத்தை கவனிக்கணும், சப்ளையர்கிட்ட கடன்ல இன்னும் 10க்கு சரக்கு இறக்கினா ஸ்டாக் 10 ஏறும், கிரெடிட்டரும் 10 ஏறும், டிராயிங் பவர் ஒரு பைசா கூட நகராது.

ரெக்கார்டுன்னு என்னதான் எதிர்பாக்கறாங்க? எங்ககிட்ட ஒரு எக்செல் ஷீட் இருக்கு.

எக்செல்ல இருக்கறது தப்பில்ல. அதுல இருக்கற மொத்தம் உங்க லெட்ஜர்ல இருக்கற ஸ்டாக் கணக்கோட ஒத்துப் போகுதா, அதான் முதல் கேள்வி. ஐட்டம் ஐட்டமா லிஸ்ட் போட்டு கூட்டினா 97 வருது, லெட்ஜர்ல 100 இருக்குன்னா அந்த 3 எங்கன்னு யாராவது சொல்லியாகணும், சொல்ல முடியலன்னா லெண்டர் அந்த 3ஐ அப்படியே கழிச்சுடுவாங்க. லெட்ஜர் குறைவா, லிஸ்ட் ஜாஸ்தியா இருந்தாலும் குறைவானதைத்தான் எடுப்பாங்க, உங்க பக்கம் சாய மாட்டாங்க.

அந்த லிஸ்ட்ல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கோடு, பேரு, எந்த குடோன், எந்த ரேக், எத்தனை, என்ன அளவுல, ஒண்ணோட விலை, கடைசியா வந்த தேதி, கடைசியா வித்த தேதி இருக்கணும். அளவு விஷயத்தை சாதாரணமா எடுத்துக்காதீங்க. ஒரு இடத்துல காப்பர் வயரு 480னு இருந்துச்சு, விலை ஒரு காயிலோட விலை, போய் எடை போட்டா அது 480 கிலோ, காயில் கணக்குல வெறும் 24தான். ஒரே ஒரு வரி, 20 மடங்கு தப்பு, லெண்டருக்கு மாசா மாசம் அனுப்பற ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல அது மூணு மாசமா அப்படியே போயிட்டு இருந்திருக்கு. அந்த முதலாளி ஏமாத்தறவர் இல்ல, நல்ல மனுஷன், ஆனா அதுக்கப்புறம் அவர் குடுத்த எந்த நம்பரையும் லெண்டர் சரிபாக்காம எடுத்துக்கல.

விலை எப்படி வந்துச்சுன்னும் காட்டணும். முதல்ல வந்தது முதல்ல போச்சுங்கற முறையோ சராசரியோ, எதுவானாலும் ஒண்ணையே பிடிச்சு நிக்கணும். உற்பத்தி பண்றவங்க ஸ்டாண்டர்ட் காஸ்ட் வச்சிருந்தா அதை கடைசியா எப்ப திருத்தினீங்கன்னு கேப்பாங்க, காப்பர் விலை இறங்கியும் பழைய ஸ்டாண்டர்டே ஓடிட்டு இருந்தா ஸ்டாக் ஊதிப்போய் தெரியும். அப்புறம் எடுத்து வச்சிருக்க வேண்டியது சப்ளையர் இன்வாய்ஸ், சரக்கு வந்தப்ப போட்ட ஜி.ஆர்.என்., வெளிய போன டெலிவரி சலான், எண்ணின கவுண்ட் ஷீட், இன்சூரன்ஸ் பாலிசி. பாலிசில குடோன் அட்ரஸ் எல்லாம் வந்திருக்கணும், தீப்பிடிச்சா காசு முதல்ல லெண்டருக்குன்னு அவங்க பேரும் ஏறியிருக்கணும். புதுசா ஒரு குடோன் எடுத்துட்டு பாலிசில சேக்க மறந்துட்டா, அந்த குடோன் சரக்கு முழுசும் அன்னைக்கே கணக்குல இருந்து வெளிய போயிடும்.

ஏஜிங் போடும்போது எந்த தேதியை எடுக்கறது? எங்க சாஃப்ட்வேர் எல்லாமே புதுசுன்னு காட்டுது.

ஏஜிங்னா ஒவ்வொரு சரக்கும் எத்தனை நாளா கிடக்குதுங்கற கணக்கு, இதுல நிறைய பேர் மாட்டறாங்க. ஒரு குடோன்ல இருந்து இன்னொரு குடோனுக்கு மாத்தினா சில சாஃப்ட்வேர்ல வந்த தேதி புதுசா விழுந்துடும், மூணு வருஷ சரக்கு நேத்து வந்த மாதிரி நிக்கும். அதனாலதான் கடைசியா வித்த தேதியையும் சேத்து கேக்கறோம். வித்த தேதியும் ஏமாத்தும், 400 பீஸ் இருக்கற ஐட்டத்துல ஒரே ஒரு பீஸ் போன மாசம் போயிருந்தா மொத்த 400ம் ஓடற சரக்குன்னு தெரியும். ஒழுங்கா பாக்கணும்னா கையில இருக்கற எண்ணிக்கையை போன 12 மாசம் வித்ததோட வச்சுப் பாருங்க. வருஷத்துக்கு 50 போகுது, கையில 400 இருக்குன்னா, 50க்கு மேல இருக்கற 350ஐ நான் தேங்கினதுன்னுதான் எழுதுவேன்.

மாசா மாசம் நாங்க அனுப்பற ஸ்டேட்மென்ட்ல தப்பு இருந்தா நேர்ல வராமலே எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

ரோல் ஃபார்வேர்டுன்னு ஒரு கணக்கு இருக்கு, ரொம்ப எளிசு, நீங்களே அனுப்பறதுக்கு முன்னாடி போட்டுப் பாக்கலாம். போன மாச ஸ்டாக் 96. இந்த மாசம் வாங்கினதும் உற்பத்தில ஏறின கூலியும் செலவும் சேத்து 41. வித்த சரக்கோட அடக்க விலை 44. அப்ப இருக்க வேண்டியது 93. நீங்க அனுப்பினது 100னா 7 எங்க இருந்து வந்துச்சு?

முக்காவாசி நேரம் பதில் ஒரு நாலு இடத்துலதான் இருக்கும். சரக்கு வந்து இறங்கி ஸ்டாக்ல ஏறிடுச்சு ஆனா சப்ளையர் பில்லை பர்ச்சேஸ்ல போடல, அப்ப கிரெடிட்டரும் குறைவா தெரியும், டிராயிங் பவர் முறைல இது ரெட்டை தப்பு. இல்ல, கஸ்டமருக்கு பில் போட்டாச்சு ஆனா ஸ்டாக்ல இருந்து கழிக்கல. இது ரொம்ப ஆபத்து, ஏன்னா அதே சரக்கு உங்களுக்கு பணம் தர வேண்டிய கஸ்டமர் லிஸ்ட்லயும் நிக்குது ஸ்டாக்லயும் நிக்குது, ஒரே பொருளுக்கு ரெண்டு இடத்துல கடன் வாங்கின மாதிரி ஆயிடும். இல்ல, யாரோ விலையை மாத்தியிருப்பாங்க. இல்ல, எண்ணினதுல தப்பு. காரணத்தை நீங்களே கண்டுபிடிச்சு ஒரு குறிப்பா எழுதி அனுப்பிட்டா அது சாதாரண விஷயம், லெண்டர் கண்டுபிடிச்சு கேட்டா கதை வேற.

இன்னொண்ணு, வியாபாரம் படுத்துட்டு ஸ்டாக் மட்டும் மூணு மாசமா ஏறிட்டே போனா நம்பர் எல்லாம் சரியா இருந்தாலும் ஆள் வருவாங்க.

ஆடிட்டுக்கு வர்றவங்க குடோன்ல என்னதான் பண்ணுவாங்க?

நான் பண்றதை சொல்றேன். முதல்ல கட் ஆஃப். அன்னைக்கு போட்ட கடைசி ஜி.ஆர்.என். நம்பர், கடைசி டெலிவரி சலான் நம்பர் ரெண்டையும் எழுதிக்குவேன், எண்ணி முடிக்கற வரைக்கும் லாரி ஏத்தறது இறக்கறதை நிறுத்தச் சொல்வேன், முடியலன்னா எது நகருதுன்னு தனியா குறிச்சுக்குவேன். அப்புறம் ரெண்டு பக்கமும் சரிபாக்கணும். லிஸ்ட்ல இருந்து பெரிய மதிப்பு ஐட்டங்களை எடுத்து ரேக்ல போய் எண்ணுவேன், லிஸ்ட்ல இருக்கறது இடத்துல இருக்கான்னு தெரியும். அதே மாதிரி ரேக்ல கண்ணுல படற எதையாவது எண்ணிட்டு லிஸ்ட்ல தேடுவேன், லிஸ்ட் முழுசா இருக்கான்னு தெரியும். ஒரு பக்கம் மட்டும் பண்ணினா பாதிதான் தெரியும்.

பெட்டியை திறப்போம். அடுக்கி வச்சிருக்கற வரிசைல முன்னாடி இருக்கறதை இல்ல, நடுவுல, பின்னாடி, கீழ. கஷ்டமாத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க, இதுக்கு ஒரு வரலாறே இருக்கு. 1963ல அமெரிக்கால சமையல் எண்ணெய் மேல பெரிய பெரிய நிதி நிறுவனங்கள் கடன் குடுத்திருந்தாங்க, அந்த டேங்குகள்ல பாதிக்கு மேல எண்ணெயே இல்ல, நிறைய டேங்குல கீழ தண்ணி, மேல மட்டும் எண்ணெய், எண்ணெய் மிதக்கும்ல, மேல இருந்து பாத்தவங்களுக்கு முழு டேங்கும் எண்ணெயாத்தான் தெரிஞ்சுச்சு. அந்த எண்ணெயை காட்டி கடன் வாங்கின கம்பெனி விழுந்தப்ப அமெரிக்கன் எக்ஸ்பிரஸோட குடோன் பிரிவு குடுத்த ரசீதுகள் நிறைய வெறும் காகிதமா போச்சு. அதனாலதான் நாங்க கீழ வரைக்கும் பாக்கறோம்.

தூசியையும் பாப்பேன். புது சரக்குன்னு லிஸ்ட் சொல்லுது, பெட்டி மேல விரல் வச்சா கோடு விழுதுன்னா ஏஜிங்கை மறுபடி கேப்பேன்.

எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை வருவாங்க?

பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் மாசம் ஒண்ணு, ஆடிட் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு, மதிப்பீடு வருஷத்துக்கு ஒண்ணு. கிடைக்கற கடனை விளிம்பு வரைக்கும் எடுத்துட்டீங்கன்னா ஸ்டேட்மென்ட் வாரா வாரம் கேப்பாங்க, ஆளும் அடிக்கடி வரும். செலவு பொதுவா உங்க தலைலதான்.

சரக்கு எங்க குடோன்லயே இல்ல, வெளி வேர்ஹவுஸ்ல ரசீதோட இருக்கு, அது இன்னும் பாதுகாப்புதானே?

வேர்ஹவுஸ்காரர் யாருங்கறதை பொறுத்தது. உங்க குடோன்லயே சரக்கு இருந்து, அதை நீங்க வித்து வாங்கி ஓட்டிட்டு இருக்கறது ஹைபோதிகேஷன் மாதிரி, சாவி உங்க கைல. மூணாவது ஆள் கையில சாவி இருந்து, லெண்டர் சம்மதம் இல்லாம வெளிய விடாம இருந்தா அது அடகு மாதிரி, லெண்டருக்கு பிடிப்பு ஜாஸ்தி, சில சமயம் சதவீதமும் ஜாஸ்தி குடுப்பாங்க. ஆனா அந்த ரசீது ஒண்ணே ஒண்ணா இருக்கணும். 2014ல சீனாவோட சிங்டாவ் துறைமுகத்துல ஒரே மெட்டலுக்கு பல ரசீது போட்டு பல பேங்க்ல கடன் வாங்கினது வெளிய வந்துச்சு, சரக்கு நேர்ல இருந்துச்சு, எண்ணினாலும் சரியாத்தான் இருந்திருக்கும், அது யாருக்கு சொந்தம்ங்கறதுதான் பிரச்சனை. அதனால இப்ப ரசீது நம்பர், லாட் நம்பர், எந்த இடத்துல அடுக்கியிருக்குன்னு எல்லாம் கேப்பாங்க, வேர்ஹவுஸ்காரர்கிட்ட லெண்டரே நேரா எழுதி உறுதி வாங்குவாங்க, உங்க வழியா இல்ல.

இந்த மாசம் ஸ்டாக் இறங்கிடுச்சு, எடுத்த கடன் அதிகமா நிக்குது, ஸ்டேட்மென்ட்ல கொஞ்சம் ஏத்திப் போட்டு அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாமா?

வேண்டாம், கெஞ்சி கேக்கறேன், பண்ணாதீங்க. நீங்க ஸ்டேட்மென்ட்ல கையெழுத்து போட்டு உண்மைன்னு சான்று குடுக்கறீங்க. கடன் குறைஞ்சு போறது ஒரு வியாபாரக் கஷ்டம், பொய் சான்று வேற ரகம், பல இடங்கள்ல அது குற்றம். அதோட அடுத்த மாசம் அந்த ஏத்தினதை இறக்க மறுபடி ஒரு பொய் நம்பர் வேணும், ரோல் ஃபார்வேர்டுல அது நிச்சயமா குதிச்சு வெளிய வரும்.

பண்ண வேண்டியது, தேதிக்கு முன்னாடியே போன் பண்ணி, இவ்வளவு அதிகமா நிக்குது, இந்தந்த கஸ்டமர் பணம் இந்த தேதில வருது, இந்த வாரத்துல சரியாகும்னு எழுத்துல குடுக்கறது. தற்காலிகமா அதிகமா நிக்க விடறதுக்கு அவங்ககிட்ட வழி இருக்கு, வட்டி கொஞ்சம் ஏறலாம், நாள் கணக்கு போட்டு தருவாங்க. நான் பாத்த வரைக்கும் முன்னாடியே சொன்னவங்க கடன் நின்னதை விட, மறைச்சு மாட்டினவங்க கடன் நின்னதுதான் அதிகம்.

அப்ப இந்த 32ஐ நேர்மையா கூட்ட வழியே இல்லையா?

இருக்கு, ஒதுக்கின 32 லட்சத்தை ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. பழைய மாடல் 8க்கு இப்ப ஒரு பைசா கடன் கிடைக்கல, அதை பாதி விலைக்கு தள்ளினா 4 நேரா கைக்கு வருது, புக்ஸ்ல 4 நஷ்டம் தெரியும்தான், ஆனா அது ஏற்கனவே நடந்து முடிஞ்ச நஷ்டம், இன்னும் எழுதல அவ்வளவுதான், இடமும் மிச்சம். பாதி வேலை 12ல 5ஐ இந்த மாசமே முடிச்சு பம்பா மாத்தினா, 5க்கு 62 சதவீதம், அதுல 85 சதவீதம்னு பாத்தா சுமார் 2.6 கூடுது, முடிக்க ஆகற செலவு அதை விட குறைவான்னு மட்டும் பாத்துக்கோங்க. வழில வர்ற 3க்கு கப்பல் ரசீது, இன்சூரன்ஸ், காசு கட்டின ஆதாரம் எல்லாம் லெண்டர் பேருக்கு வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணினா ஒத்துக்கறவங்க இருக்காங்க, அதே கணக்குல சுமார் 1.6. குடோன் ஓனர் கடிதம் வாங்கினா 1.2. பழைய மாடலை வித்து வந்த 4ஐ விட்டுட்டு பாத்தாலே 32 இப்ப 37க்கு மேல போயிடுச்சு, புதுசா ஒரு ரூபா சரக்கு வாங்காம.

அடிபட்டது, திரும்பி வந்தது, விக்காதது இதுக்கெல்லாம் சிஸ்டம்லயே தனி லொகேஷன் கோடு போட்டு, குடோன்லயும் தனி இடத்துல வைங்க. கலந்து கிடந்தா நாங்க சாம்பிள் எண்ணும்போது நாலு பெட்டில ஒண்ணு அடிபட்டிருந்தாலே அந்த விகிதத்தை மொத்த சரக்குக்கும் போட வேண்டி வரும், 2 லட்சத்துக்கு போக வேண்டியது 9 லட்சத்துக்கு போயிடும்.